62 என்ற எண்ணைப் பற்றி: எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு பெற்றோர் கூட்டத்தில் கணித ஆசிரியர் பேசியது

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கையில் இருக்கும் தாளில் கணிதத்துக்கு வகுப்புச் சராசரி 62 என்று போட்டிருக்கிறது. முதல் பருவத்தில் அது 58. நான்கு மார்க் ஏறியிருக்கிறது என்று சிலர் வாசலிலேயே வாழ்த்திவிட்டீர்கள். நன்றி. ஆனால் அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். முதல் பருவத் தேர்வுக்கு மூன்று பிள்ளைகள் வரவில்லை. பட்டியலில் அவர்களுக்கு சைபர் விழுந்தது. இந்த முறை மூவரும் எழுதி, மொத்தம் 120 மார்க் வாங்கியிருக்கிறார்கள். அதை 30 பேருக்கு வகுத்தால் சரியாக 4. மீதி 27 பேரின் கூட்டுத்தொகை அப்படியே இருக்கிறது. அந்த 27 பேரில் யாருமே மாறவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சிலர் நன்றாக ஏறியிருக்கிறார்கள், சிலர் அதே அளவுக்கு இறங்கியிருக்கிறார்கள். கூட்டிப் பார்க்கும்போது இரண்டும் சரிக்குச் சரியாகிவிட்டது. சராசரியில் இது எதுவுமே தெரியாது.

அடுத்து, 62 என்றதும் நம் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் அறுபதை ஒட்டி இருப்பார்கள் என்று தோன்றும். உண்மையில் அறுபதுகளில் ஒருவர்கூட இல்லை. 14 பேர் எண்பதை ஒட்டியும் அதற்கு மேலும் வாங்கியிருக்கிறார்கள். 5 பேர் ஐம்பதுகளில். 11 பேர் நாற்பதுக்குக் கீழே. ஆக, ஒரே அறையில் இரண்டு வகுப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. ‘அ’ பிரிவின் சராசரி நம்மைவிட இரண்டுதான் கூட. ஆனால் அங்கே கிட்டத்தட்ட எல்லாருமே ஐம்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடையில் இருக்கிறார்கள். அந்த ஆசிரியருக்கு இருக்கும் வேலை வேறு, எனக்கு இருக்கும் வேலை வேறு. இரண்டு பிரிவையும் அந்த ஒரு எண்ணை வைத்து ஒப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று ஒரு அம்மா, “என் பொண்ணு சராசரிக்கும் கீழே போயிட்டாளே சார்” என்று வருத்தப்பட்டார். பெயர் சொல்லப்போவதில்லை. அவள் வாங்கியது 57. மார்க்குகளை மேலிருந்து கீழாக வரிசையாக எழுதினால், 15-ஆவது இடத்தில் 58, 16-ஆவது இடத்தில் 57. அதாவது அவள் வகுப்பின் நட்டநடுவில் இருக்கிறாள். மேலே இருக்கும் 14 பேரின் பெரிய மார்க்குகள் சராசரியை இழுத்துக்கொண்டு போனதால்தான் அவள் கீழே இருப்பதுபோல் தெரிகிறது. முதல் பருவத்தில் அவள் வாங்கியது 41. அந்த 41-ஐயும் இந்த 57-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றுதான் அவரிடம் சொன்னேன். அதோடு, வகுப்பில் எல்லாருமே சராசரிக்கு மேலே வருவது கணக்குப்படி நடக்கவே நடக்காது.

அப்படியானால் சராசரி எதற்கும் உதவாதா? எனக்கு உதவுகிறது, கேள்வி கேள்வியாகப் பார்க்கும்போது. 21-ஆவது கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலையை 6 பேர் 10 நாளில் முடிக்கிறார்கள், 4 பேர் செய்தால் எத்தனை நாள் ஆகும்? விடை 15. ஐந்து மார்க் கேள்வி, வகுப்புச் சராசரி 1.4. எண்பதுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளிலும் பலர் பத்தை நான்கால் பெருக்கி ஆறால் வகுத்து, ஆறு நாள் சொச்சம் என்று முடித்திருக்கிறார்கள். ஆள் குறைந்தால் நாளும் குறைந்துவிடுமா என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். ஒரு பிள்ளை தவறினால் அந்தப் பிள்ளையிடம் பேசலாம். வகுப்பே தவறினால் பாடத்தைத்தான் திரும்ப எடுக்க வேண்டும். திங்கட்கிழமை முதல் எதிர்விகிதத்தை மறுபடி நடத்துகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சராசரியை ஏற்றுவது மட்டும்தான் குறி என்றால், எந்த ஆசிரியரும் சீக்கிரம் மார்க் ஏறக்கூடிய பிள்ளைகளிடம்தான் போவார். நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களில் சிலருக்குப் பின்னத்திலேயே தடுமாற்றம் இருக்கிறது. அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். அடுத்த பருவச் சராசரியில் அது அரை மார்க்காகக்கூடத் தெரியாமல் போகலாம். இருந்தாலும் அந்த 11 பேருக்குத்தான் செவ்வாயும் வியாழனும் பள்ளி முடிந்ததும் முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அடுத்த முறை சராசரி ஏறவில்லையே என்று என்னிடம் கேட்டால், இந்த 11 பேரின் தாள்களைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

விடைத்தாள்களை இப்போது தருகிறேன். மொத்த மார்க்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உள்ளே புரட்டி, எந்தக் கேள்வியைத் தொடாமலே விட்டிருக்கிறார்கள், எதைப் பாதி வரை சரியாகப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தனியாகப் பேச வேண்டியவர்கள் கொஞ்சம் இருங்கள், ஒவ்வொருவராகப் பார்க்கிறேன்.