கட்டுரையைத் திரும்பப் பெறுதல்: கட்டுரை எண் 2023-117

ரோஸ்ஹில், மொரீஷியஸ்
16 ஜூன் 2025

பெறுநர்: பதிப்பாசிரியர் அவர்கள்
படி: பதிப்புக்குழுச் செயலாளர்

பொருள்: மதிப்பாய்வில் உள்ள கட்டுரையைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக

பார்வை: கட்டுரை எண் 2023-117, "மொரீஷியஸ் குடியேற்றப் பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள்: தந்தை பெயர் குடும்பப் பெயரான வரலாறு, 1849–1910". முதலில் அனுப்பிய நாள் 14 மார்ச் 2023. திருத்திய வடிவம் அனுப்பிய நாள் 22 ஜனவரி 2024.

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கண்ட கட்டுரையைத் தங்கள் ஆய்விதழின் மதிப்பாய்விலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். நானும் என் இணையாசிரியரும் சேர்ந்து எடுத்த முடிவு இது. அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதலை இம்மடலுடன் இணைத்திருக்கிறேன். இதை மறுபரிசீலனைக்கான வேண்டுகோளாகவோ காலக்கெடுவை நீட்டிக்கச் சொல்லும் மடலாகவோ கொள்ள வேண்டாம். இன்றைய தேதியிலிருந்து கட்டுரை தங்கள் பரிசீலனையில் இல்லை என்று பதிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

காரணத்தைச் சொல்லாமல் விட்டால் தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. அதனால் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் சுற்றுக்குப் பிறகு சேர்ந்த மூன்றாவது மதிப்பாய்வாளரின் குறிப்புகள் கடந்த மாதம் எங்களுக்குக் கிடைத்தன. கவனமாகப் படித்து, உழைப்புடன் எழுதப்பட்ட அறிக்கை அது. மொரீஷியஸ் பதிவேடுகளை மட்டும் வைத்து எழுதினால் போதாது, ரீயூனியனையும் நேட்டாலையும் ஒப்பிட்டால்தான் "தந்தை பெயர் குடும்பப் பெயராக மாறியது" என்ற எங்கள் முடிபுக்கு வலுச் சேரும் என்பது அவர் கருத்து. கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்கான விடை வேறொரு கட்டுரைக்கு உரியது.

ரீயூனியனுக்குப் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஆளெடுக்க 1860 ஒப்பந்தம் வழிவிட்டது. 1882-இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. அங்குள்ள ஆவணங்கள் பிரெஞ்சு நிர்வாகத்தின் ஆவணங்கள். அவற்றைப் பார்க்க வேண்டிய முறை வேறு. நேட்டாலிலோ 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் கப்பல்வாரியான பட்டியல்கள் இருக்கின்றன. இந்த மூன்றையும் ஒரே அட்டவணைக்குள் அடக்கினால் பெயர் ஒன்றாகத் தெரியும். அந்தப் பெயரை எழுதிய எழுத்தரின் மொழியும், எந்தக் காரியத்துக்காக எழுதினார் என்பதும் மறைந்துபோகும். எங்கள் கட்டுரை பேச வந்ததே அந்த எழுத்தரைப் பற்றித்தான். 1810-இல் தீவு பிரிட்டிஷார் கைக்கு வந்த பிறகும் பிரெஞ்சு மொழி இங்கே வழக்கில் நீடித்தது. அதனால் ஒரே முத்துசாமி ஓரிடத்தில் பிரெஞ்சு ஒலிக்கு ஏற்பவும், மற்றோரிடத்தில் ஆங்கில ஒலிக்கு ஏற்பவும் எழுதப்பட்டார். ஒரே கப்பலில் வந்த அண்ணன் தம்பி இருவரின் பிள்ளைகள் அவரவர் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டார்கள். இரண்டு தலைமுறை கழிந்ததும் தாங்கள் பங்காளிகள் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. இதை நெருங்கி நின்று பார்க்க ஒரு தீவு போதும் என்பது எங்கள் எண்ணம். மதிப்பாய்வாளர் இதை ஏற்க வேண்டியதில்லை. கருத்து வேறுபாடு இது. யாரிடமும் குறை இல்லை.

இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது. கட்டுரையில் உள்ள பதிவேட்டுப் பக்கங்களின் படங்களை வெளியிட, காப்பகத்திடமிருந்து ஒருமுறைப் பயன்பாட்டுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டுமே அனுமதி பெற்றிருந்தோம். அந்தக் காலம் இந்த ஆண்டு இறுதியில் முடிகிறது. ஒப்பீட்டுப் பகுதியை எழுதி, மீண்டும் ஒரு சுற்று மதிப்பாய்வு முடிந்து, அச்சுக்குப் போவது அதற்குள் நடக்கக்கூடியதல்ல. படங்கள் இல்லாமல் வெளியிடலாமே என்று தோன்றலாம். வந்தவரின் எண், பெயர், தந்தை பெயர், வயது, உயரம், அங்க அடையாளம், மாவட்டம், ஊர், கப்பல் என்று கட்டம் கட்டமாக எழுதப்பட்ட அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் எங்கள் வாதத்தைப் பின்தொடர்வது கடினம். தந்தை பெயர் என்ற கட்டம் எந்த இடத்தில் இருக்கிறது, எழுத்தர் அதை எப்படி நிரப்பினார் அல்லது வெறுமையாக விட்டார் என்பதுதான் சான்று.

மூன்றாவதாக ஒன்று. இந்தப் பதிவுகள் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் 2015-இல் சேர்ந்த பிறகு, பாட்டன் பூட்டனின் ஊரைத் தேடி வருபவர்கள் இங்கே அதிகமாகியிருக்கிறார்கள். பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் எங்களிடம் கேட்பது சின்னதாக, தெளிவாக ஒரு கையேடு: தாத்தாவின் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரிலிருந்து பதிவேட்டின் எண்ணுக்கு எப்படிப் போவது? எங்கள் இரண்டாம் பகுதி கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது. நவம்பர் 2 இங்கே ஒப்பந்தத் தொழிலாளர் வருகையை நினைவுகூரும் விடுமுறை நாள். 1834-இல் அட்லஸ் கப்பல் வந்த நாள். அந்தக் கப்பல் வந்தது கல்கத்தாவிலிருந்து. ஆனாலும் தமிழர்களும் அந்த நாளைத் தங்கள் நாளாகவே கொண்டாடுகிறார்கள். அதற்கு முன்னதாகக் கையேட்டை அச்சிட வேண்டும் என்று ஆசிரியர்கள் விரும்புகிறார்கள். என் இணையாசிரியருக்கு வயதாகிவிட்டது. அச்சில் பார்க்க வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும்.

முதல் சுற்றின் இரண்டு மதிப்பாய்வாளர்களுக்கும் எங்கள் நன்றியைத் தெரிவியுங்கள். இதைச் சடங்குக்காகச் சொல்லவில்லை. சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள் எல்லாரையும் தமிழர் என்று எண்ணக்கூடாது, தெலுங்குப் பெயர்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள் என்று முதலாமவர் சொன்ன யோசனையை அப்படியே செய்தோம். கட்டுரையின் அட்டவணைகள் அதனால்தான் நிற்கின்றன. பிரெஞ்சுக் காலத்திலேயே பாண்டிச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்களின் வழித்தோன்றல்களை இந்தப் பதிவேடுகளில் தேடக்கூடாது, அவர்களைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு வேண்டும் என்று எழுதியவர் இரண்டாமவர். போர்ட் லூயிஸில் மலபார் முகாம் என்று அழைக்கப்பட்ட பகுதியைப் பற்றிய பத்தி அவர் கேட்டதால் வந்தது. கையேட்டின் முன்னுரையில், பெயர் தெரியாத இந்த இரண்டு மதிப்பாய்வாளர்களுக்கும் நன்றி சொல்வோம். ஆய்விதழின் பெயரைக் குறிப்பிட மாட்டோம். அது தங்களுக்கு உவப்பாக இருக்குமா என்று தெரியாததால் இப்படி முடிவு செய்தோம். குறிப்பிடலாம் என்றால் தெரிவியுங்கள், மகிழ்ச்சியுடன் சேர்ப்போம்.

மதிப்பாய்வு நீண்டதைப் பற்றி ஒரு சொல். மதிப்பாய்வாளர்கள் ஊதியம் இன்றி, தங்கள் வகுப்புகளுக்கும் தேர்வுத்தாள்களுக்கும் இடையில் இதைச் செய்கிறார்கள் என்பதை நானும் அறிவேன். நானும் சில கட்டுரைகளைப் படித்துத் தாமதமாக அறிக்கை அனுப்பியவள்தான். தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில்கள் எப்போதும் கனிவாகவே இருந்தன. ஒரே ஒரு வேண்டுகோள்: கட்டுரை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆசிரியர்களுக்கு ஒரு வரி அனுப்ப முடிந்தால், எங்களைப் போலத் தொலைவில் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

இனி, தங்கள் தரப்பில் செய்ய வேண்டியவை. கட்டுரையைத் திரும்பப் பெற்றது பதிவாகிவிட்டது என்று எங்கள் இருவருக்கும் மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள். அந்த உறுதி வரும்வரை இந்தக் கட்டுரையின் எந்தப் பகுதியையும் வேறெங்கும் அனுப்ப மாட்டோம். இதுவரையிலும் அனுப்பியதில்லை. பதிப்புரிமை ஒப்படைப்புப் படிவத்தில் நாங்கள் கையெழுத்திடவில்லை. ஆகவே உரிமை எங்களிடமே இருக்கிறது என்பதையும் அந்த மடலில் ஒரு வரியாகச் சேர்த்தால் அச்சகத்தாரிடம் காட்ட வசதியாக இருக்கும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். கட்டுரையுடன் "பின்னிணைப்பு இ" என்ற தனிக் கோப்பை மதிப்பாய்வுக்கு மட்டும் என்று குறித்து அனுப்பியிருந்தோம். அதில் எங்களை நம்பித் தங்கள் குடும்ப ஆவணங்களைத் தந்தவர்களின் பெயர்களும், பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் நகல்களும் இருக்கின்றன. 1860-களிலிருந்து பதிவுகளில் சேர்ந்த புகைப்படங்கள் சிலவும் உண்டு. படத்தில் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்னும் உயிருடன் இருக்கிறார்கள். அந்தக் கோப்பைத் தங்கள் இணையவாசலிலிருந்து நீக்கிவிடுமாறும், மதிப்பாய்வாளர்களிடம் நகல் இருந்தால் அவர்களும் அழித்துவிடும்படி சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையின் பிரதியையும் மதிப்பாய்வு அறிக்கைகளையும் தங்கள் வழக்கப்படி வைத்துக்கொள்வதில் எங்களுக்கு மறுப்பில்லை.

மூன்றாவது மதிப்பாய்வாளர் விரும்பினால், ரீயூனியன், நேட்டால் ஒப்பீட்டை அவரே எழுதலாம். எங்கள் மொரீஷியஸ் அட்டவணைகளைக் குடும்பங்களை அடையாளம் காட்டாத வடிவில் தரத் தயாராக இருக்கிறோம். தங்கள் வழியாகவே அவர் எழுதட்டும், அவர் யார் என்று நாங்கள் அறிய வேண்டியதில்லை.

தாங்கள் தந்த நேரத்துக்கும் பொறுமைக்கும் நன்றி.

தங்கள் உண்மையுள்ள,

மாலினி ஆறுமுகம்
தொடர்புக்குரிய ஆசிரியர்
(இணையாசிரியருக்காகவும்)

இணைப்பு: இணையாசிரியரின் ஒப்புதல் மடல், 1 பக்கம்