பால் எடுக்க இரண்டு இடைவேளையும் ஒரு தனி அறையும் வேண்டி

20.05.2026
கிருஷ்ணகிரி

மதிப்பிற்குரிய மேனேஜர் சாருக்கு,

வணக்கம். தரக்கட்டுப்பாட்டு லேபில் பகல் ஷிப்ட் பார்க்கும் கவிதா எழுதுகிறேன். இதை நேரில் சொல்லலாம் என்று போன வாரம் இரண்டு முறை உங்கள் ரூம் வரை வந்தேன். ஒரு தடவை லாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள், இன்னொரு தடவை எனக்கே வாய் வரவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து மே 4-ஆம் தேதி வேலைக்குத் திரும்பினேன். என் மகள் பிறந்தது நவம்பர் 18, முந்தாநாளோடு ஆறு மாதம் முடிந்தது. இப்போதுதான் கேழ்வரகுக் கூழ் ஒரு கரண்டி கொடுத்துப் பழக்குகிறோம், மற்றபடி அவளுக்கு இன்னும் தாய்ப்பால்தான் சாப்பாடு. காலையில் ஏழரைக்கு அவளுக்குப் பால் கொடுத்துவிட்டு காவேரிப்பட்டணத்தில் பஸ் ஏறுகிறேன், திரும்ப வீட்டுக்குப் போக மாலை ஆறே முக்கால் ஆகிவிடுகிறது. நடுவில் பதினோரு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் பாலைப் பீய்ச்சி எடுக்காவிட்டால் மார்பு கல் மாதிரி கட்டிக்கொள்கிறது சார். வலி ஒரு பக்கம். பால் வெளியே போகாமல் தேங்கினால் உடம்பு தானாகவே சுரப்பைக் குறைத்துவிடும் என்பது இன்னொரு பக்கம், எனக்கு அதுதான் பெரிய பயம்.

இந்த இரண்டு வாரமாக நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேடீஸ் பாத்ரூமில் நின்றுகொண்டே கையால் பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றிவிடுகிறேன். வெளியே ஆள் கதவைத் தட்டினால் பதற்றத்தில் பால் இறங்குவதே இல்லை. அந்த இடத்தில் எடுத்ததைக் குழந்தைக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் எல்லாம் சாக்கடைக்குத்தான் போகிறது. வீட்டில் என் மாமியார் காலையில் நான் எடுத்து வைத்ததைப் பாலாடையில் கொடுக்கிறார், மதியம் இரண்டு மணிக்குள் அது தீர்ந்துவிடுகிறது, அப்புறம் நான் வரும் வரை அவள் அழுகிறாள். போன வியாழக்கிழமை நான் காய்ச்சல் என்று லீவு எடுத்தது பால் கட்டி வந்த காய்ச்சல்தான். இடது பக்கம் சிவந்து வீங்கிவிட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, வேலை இடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பாலை எடுத்துவிடு, இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

சரி, நான் கேட்பது இதுதான். காலை பத்தே முக்காலுக்கும் மதியம் மூன்றரைக்கும் தலா இருபத்தைந்து நிமிடம் மாதிரி இரண்டு இடைவேளை வேண்டும். கை கழுவுவது, பம்பைக் கழுவி எடுத்து வைப்பது எல்லாம் அதற்குள் முடிந்துவிடும். ஒரு மணிச் சாப்பாட்டு நேரத்திலும் ஒரு தடவை எடுத்துக்கொள்வேன், அதற்குத் தனி நேரம் வேண்டாம். லேப் வேலை நிற்காது. லோடு வந்து பிரிக்ஸ் பார்க்கும் நேரமாக இருந்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன், டைட்ரேஷனைப் பாதியில் விட்டுப் போகிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து மேஜை அக்காவிடம் பேசிவிட்டேன், அந்த நேரத்து ரீடிங்கை அவர் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஜூனில் பெங்களூரா மாம்பழ வரத்து ஏறினால் நேரம் பத்து இருபது நிமிடம் முன்பின் ஆகலாம், ஆனால் ஒரேயடியாக விட்டுப்போனால் என்னால் தாங்க முடியாது.

அறை புதிதாகக் கட்டச் சொல்லவில்லை சார். லேபுக்குப் பின்னால் பழைய பில் புத்தகமும் காலி அட்டைப்பெட்டியும் போட்டு வைத்திருக்கும் சின்ன ரூம் போதும். உள்ளே தாழ்ப்பாள் இல்லை, அது போட வேண்டும். காரிடார் பக்கம் கண்ணாடி ஜன்னலுக்கு ஒரு கனமான திரை, ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல். பிளக் பாயிண்ட் ஏற்கனவே இருக்கிறது, ஃபேன் மட்டும் ஓடவில்லை. அந்த ரூம் வாசலைப் பார்த்து ஒரு கேமரா இருக்கிறது, அது உள்ளே தெரியாத மாதிரி திருப்பி இருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை மானிட்டரில் பார்த்துச் சொன்னால் எனக்கு நிம்மதி. சாவி செக்யூரிட்டியிடம் வேண்டாம், லேபில் பெண்கள் கையில் இருக்கட்டும்.

பம்பும் பாட்டிலும் ஐஸ் பேக் போட்ட பையும் நானே கொண்டுவருகிறேன். எடுத்த பால் 25 டிகிரி வரை உள்ள இடத்தில் நான்கு மணி நேரம்தான் தாங்கும், இந்த மே மாதத்தில் நம் ஊர் நிழலிலேயே அதைத் தாண்டிவிடுகிறது. அதனால் பாட்டிலை கேன்டீன் ஃபிரிட்ஜில் ஒரு மூலையில் மூடி போட்ட டப்பாவுக்குள் வைக்க அனுமதி வேண்டும். லேப் ஃபிரிட்ஜ் வேண்டாம், அதில் சாம்பிளும் கெமிக்கலும் இருக்கின்றன.

இது என் வசதிக்காக மட்டும் கேட்கிற சலுகை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டத்திலேயே இருந்தது. 2020-இல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது. சட்டத்தில் பாலூட்ட என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனால் குழந்தை காவேரிப்பட்டணத்திலும் நான் இங்கேயும் இருக்கும்போது பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொண்டுபோவதுதான் எனக்குப் பாலூட்டுவது. என் கணக்குப்படி 2027 பிப்ரவரி 18 வரை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் சேர்த்த விதியும் இருக்கிறது, அதைப் பற்றி சீசன் முடிந்ததும் தனியாகப் பேசுவோம். பஸ் ஸ்டாண்டிலேயே 2015-இல் இருந்து தாய்மார்களுக்கு அறை ஒதுக்கியிருக்கிறார்கள், தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் இங்கே வந்து பாத்ரூமில் நிற்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழம் பொறுக்கும் பெல்ட்டில் சீசனுக்கு வந்திருக்கும் பெண்களில் இரண்டு பேருக்குக் கைக்குழந்தை இருக்கிறது. ஒருத்தி மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், ஏன் என்று கேட்டதற்கு, கேட்டால் வேலை போய்விடும் அக்கா என்றாள். அந்த ரூமை அவர்களும் பயன்படுத்தலாம் என்று சூப்பர்வைசரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

வரும் திங்கள், 25-ஆம் தேதியில் இருந்து ஆரம்பிக்க முடிந்தால் நல்லது. ரூமைக் காலி செய்ய நானும் அக்காவும் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் இருக்கிறோம், பில் புத்தகங்களை எங்கே வைப்பது என்று மட்டும் ஸ்டோரில் சொல்லிவையுங்கள். தாழ்ப்பாள் போட மெயின்டனன்ஸுக்கு உங்கள் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள், அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் கொடுத்தால் ஷிப்ட் மாறினாலும் எனக்கு உதவும்.

நன்றி சார்.

இப்படிக்கு,
கவிதா
தரக்கட்டுப்பாட்டு லேப், பகல் ஷிப்ட்