நோயாளியை நகர்த்தும் முறையும் முதுகுப் பாதுகாப்பும்: வார்டு உதவியாளர்கள், செவிலிய உதவியாளர்களுக்கான செய்முறைத் தாள்

ஆண்கள் மருத்துவ வார்டு, எலும்பு முறிவு வார்டு இரண்டுக்கும் பொதுவானது. டியூட்டி அறைக் கதவின் உட்புறம் ஒட்டி வைக்கவும்.

தூக்குவது கடைசி வழி

நோயாளியைத் தூக்க வேண்டாம். சறுக்குங்கள், புரட்டுங்கள், அல்லது அவரையே எழவைத்துத் திருப்புங்கள். இந்த மூன்றில் ஒன்று ஏறக்குறைய எப்போதும் முடியும்.

60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே சுமார் 10 கிலோ இருக்கும். மாவுக்கட்டு போட்டிருந்தால் இன்னும் கூடும். நோயாளியைக் கையாளும்போது ஒருவர் ஏற்கும் சுமை சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான NIOSH-இன் கணக்கீட்டிலிருந்து வந்த பரிந்துரை. அதுவும் சுமை உடம்போடு ஒட்டி இருக்கும்போதுதான். சிறிதும் ஒத்துழைக்க முடியாத 60 கிலோ நோயாளிக்கு நான்கு பேர் வேண்டும் என்று நாம் சொல்வது இந்தக் கணக்கில்தான். அரிசி மூட்டை அசையாது. நோயாளி பயத்தில் உதறுவார், உங்கள் கழுத்தைக் கட்டிப் பிடிப்பார். ஆகவே மூட்டை தூக்கிப் பழகிய பலம் இங்கே கணக்கில் வராது.

முதுகைக் கெடுப்பது எடை மட்டும் அல்ல. கையை நீட்டி எட்டிப் பிடிப்பதும், குனிந்த நிலையிலேயே இடுப்பைத் திருப்புவதும் அடிமுதுகில் எலும்புகளுக்கு இடையே உள்ள கடைசி இரண்டு வட்டுகளில் பெரும் அழுத்தத்தை ஏற்றுகின்றன. திரும்ப வேண்டுமானால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

கை வைக்கும் முன்

சிஸ்டரிடம் கேளுங்கள்: எந்தப் பக்கம் பலவீனம், எந்தக் காலை ஊன்றக் கூடாது, தண்டுவடத்தில் அடி உண்டா, தலைப்பக்கத்தைத் தாழ்த்தலாமா. கட்டில், டிராலி, வீல்சேர் எல்லாவற்றின் பிரேக்கையும் போட்டு, ஒருமுறை தள்ளிப் பாருங்கள். தேய்ந்த பிரேக் போட்டது போலவே தெரியும், ஆனால் நகரும். டிரிப் குழாய், ஆக்சிஜன் குழாய், மூக்குக் குழாய், சிறுநீர்ப் பை ஆகியவை எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். சிறுநீர்ப் பையைக் காலி செய்து, எப்போதும் நோயாளியின் அடிவயிற்றைவிடத் தாழ்வாகவே வையுங்கள். அதை நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது.

பிறகு நோயாளியிடம், "ஐயா, உங்களை மேலே நகர்த்தப் போறோம், நாடியை நெஞ்சோடு வச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள். அரைகுறை நினைவில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். சொல்லாமல் தொட்டால் உடம்பு விறைக்கும். விறைத்த உடம்பை நகர்த்துவது கடினம்.

கட்டிலில் கீழே சரிந்தவரை மேலே நகர்த்துதல்

ஒரு ஷிஃப்டில் அதிகம் செய்வது இதுதான், முதுகு அதிகம் பிடிப்பதும் இதில்தான். தோளிலிருந்து தொடைவரை எட்டும் டிரா ஷீட் விரித்திருக்க வேண்டும். அதன் அடியில் சறுக்கு ஷீட் இருந்தால் இழுவை மிகவும் குறையும். அது இல்லையென்றால் மடிப்பில்லாத தடித்த பாலித்தீன் ஷீட் போதும். வேலை முடிந்ததும் அதை உருவிவிடுங்கள். விட்டால் வியர்த்துத் தோல் நைந்துபோகும்.

1. சுவாசக் கஷ்டமோ தலைக்காயமோ இல்லையென்றால் தலைப்பக்கத்தைக் கிராங்க் சுற்றித் தாழ்த்துங்கள். சாய்ந்த கட்டிலில் மேல்நோக்கி இழுப்பது மலையேற்றம்.
2. தலையணையை எடுத்துக் கட்டில் தலைமாட்டில் செங்குத்தாக வையுங்கள், தலை மோதாது.
3. முடிந்தவர் முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றட்டும். முடியாதவருக்கு மூன்றாமவர் குதிகாலைப் பிடித்து மெத்தையிலிருந்து சற்று உயர்த்தட்டும். குதிகால் தேய்ந்தால் அங்கேதான் புண் ஆரம்பிக்கும்.
4. இருபுறமும் ஒருவர் நின்று, ஷீட்டின் ஓரத்தை நோயாளியின் உடம்பை ஒட்டும்வரை சுருட்டி, ஒரு கையைத் தோளருகிலும் மறு கையை இடுப்பருகிலும் வைத்துப் பிடியுங்கள். விளிம்பைப் பிடித்தால் கை நீளும், முதுகு வளையும்.
5. தலைமாட்டுப் பக்கக் காலை முன்வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, பின்காலிலிருந்து முன்காலுக்கு உடல் எடையை மாற்றுங்கள். இழுக்க வேண்டியது உடம்பின் எடை. கை பிடித்தால் மட்டும் போதும்.

கட்டளை ஒருவர் மட்டும் கொடுக்கட்டும்: "ஒண்ணு, ரெண்டு, இழு." "மூணு" என்று எண்ணினால், மூன்றிலா மூன்றுக்குப் பிறகா என்ற குழப்பத்தில் ஒருவர் முந்திக்கொள்வார், முழுச் சுமையும் அவர் இடுப்பில் விழும். ஒரே இழுவையில் கொண்டுபோகப் பார்க்காமல் இரண்டு மூன்று சிறு இழுவைகளாகச் செய்யுங்கள்.

நம் பழைய இரும்புக் கட்டில்களின் உயரம் மாறாது. அதனால் குனியாமல் இருக்க, ஒரு முழங்காலைக் கட்டில் ஓரத்தில் ஊன்றிக்கொள்ளலாம். விரிப்பு நனைந்திருந்தால் முதலில் மாற்றுங்கள்.

கட்டிலிலிருந்து வீல்சேர்

காலை ஊன்றக்கூடியவருக்கு மட்டும். ஊன்ற முடியாதவரை இப்படி மாற்ற முயன்றால் இருவரும் விழுவீர்கள்.

வீல்சேரைப் பலமுள்ள பக்கத்தில், கட்டிலுக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வாக, ஃபுட்ரெஸ்ட்டை மடக்கி நிறுத்துங்கள். நோயாளியை ஓரத்தில் உட்காரவைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். பல நாள் படுத்தவருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்; தலை சுற்றினால், வியர்த்தால், திரும்பப் படுக்கவையுங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். வழுக்கும் காலுறையோடு நிற்கவைக்கக் கூடாது.

உங்கள் முழங்காலை அவருடைய பலவீனமான முழங்காலின் முன் அணைகொடுத்து, இடுப்பில் கட்டிய பிடிவார் அல்லது மடித்த வேட்டியைப் பிடியுங்கள். அவர் கை உங்கள் கழுத்தில் வேண்டாம், நாற்காலிக் கைப்பிடியிலோ கட்டில் ஓரத்திலோ இருக்கட்டும். "மூக்கு முட்டிக்கு முன்னால வரட்டும்" என்று முன்னோக்கிச் சாயச் சொல்லுங்கள். அப்படிச் சாய்ந்தால்தான் புட்டம் எழும். எழுந்ததும் சிறு அடிகளாகத் திரும்பி, காலின் பின்புறம் இருக்கையைத் தொட்ட பிறகே அமரவையுங்கள்.

டிராலிக்கு மாற்றும்போது டிராலி கட்டிலைவிட ஒரு விரல் அளவு தாழ்வாக, ஒட்டி நிற்கட்டும். முதலில் கட்டிலின் ஓரம்வரை, அடுத்து டிராலிக்கு என இரண்டு கட்டமாகச் சறுக்குங்கள். ஒரே மூச்சில் செய்தால், இழுப்பவர் கட்டிலுக்குக் குறுக்கே எட்ட வேண்டிவரும்.

இவற்றில் தனிக் கவனம்

பக்கவாத நோயாளியின் செயலிழந்த கையை ஒருபோதும் இழுக்காதீர்கள். அந்தத் தோள்மூட்டு தளர்ந்திருக்கும், எளிதில் நழுவும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதை எந்த நோயாளிக்கும் செய்யாதீர்கள்; நரம்பு அழுந்தும், உங்கள் முதுகும் வளைந்து திரும்பும்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின் தொடைகளுக்கு இடையே தலையணை வையுங்கள்; கால் மேல் கால் போடவும், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கவும் விடக் கூடாது. தண்டுவட அடி சந்தேகம் இருந்தால் குறைந்தது நான்கு பேரும் சிஸ்டரும் இன்றித் தொடாதீர்கள். தலையைப் பிடிப்பவரே கட்டளை தருவார். தலை, தோள், இடுப்பு மூன்றும் மரக்கட்டை போல ஒன்றாகப் புரள வேண்டும்.

விழத் தொடங்கிவிட்டவரைப் பிடித்து நிறுத்த முயலாதீர்கள். ஒரு காலைப் பின்வைத்து, அவரை உங்கள் தொடை மேல் சறுக்கவிட்டு, தலையை மட்டும் காத்துத் தரையில் இறக்குங்கள். எலும்பு முறிவு இருக்கிறதா என்று சிஸ்டர் பார்க்கும்வரை எழுப்ப வேண்டாம்.

உங்கள் முதுகுக்கு

தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம் வட்டுகளில் நீர் நிறைந்து உப்பியிருக்கும். அந்த நேரத்தில் ஆழமாகக் குனிவதைக் குறையுங்கள். நைட் டியூட்டியில் கண்ணயர்ந்து எழுந்தவுடன் தனியாளாக யாரையும் நகர்த்தாதீர்கள். பெட்பேன் வைக்கும்போது நோயாளியை உயர்த்தாமல் ஒருக்களித்துப் புரட்டி வையுங்கள். பெல்ட் கட்டிக்கொண்டால் அதிகம் தூக்கலாம் என்ற நம்பிக்கை தவறு. அது காயத்தைத் தடுப்பதில்லை. நெடுநேரம் குனிந்து வேலை செய்த பிறகு இடுப்பில் கைவைத்து ஐந்து முறை மெல்லப் பின்னால் வளையுங்கள். பின்வார் இல்லாத ரப்பர் செருப்பு ஈரத்தரையில் வழுக்கும், டியூட்டியில் வேண்டாம்.

வலி வந்தால் நாள்கணக்கில் படுத்திருக்காமல், தாங்கும் அளவுக்கு நடமாடுங்கள். வலி முழங்காலுக்குக் கீழ் இறங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கவட்டைப் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, கால் பலம் இழந்தாலோ, அது அவசர நிலை. ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

வேலையில் முதுகு பிடித்தால் அதே ஷிஃப்டில் வார்டு பதிவேட்டில் எழுதுங்கள்: எந்தக் கட்டில், எத்தனை பேர் இருந்தீர்கள், ஷீட் இருந்ததா. ஆள் குறைவாக இருந்ததால் மறுத்தீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். பக்கத்து வார்டிலிருந்து ஆள் வரும்வரை நோயாளியைப் பாதுகாப்பாகப் படுக்கவைத்துக் காத்திருப்பது உங்கள் கடமைக்குள் அடங்கியதே.