பாப்பாவின் எழுத்துப் பயிற்சிப் பக்கம்: திருத்தக் குறிப்பு

வணக்கம் அம்மா. நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பெரிதாக்கி, வரி வரியாகப் பார்த்துவிட்டேன். இரட்டைக்கோடு நோட்டு, ஏழு சொற்கள் ஒவ்வொன்றும் ஐந்து தடவை, கடைசியில் ஒரு வாக்கியம் இரண்டு தடவை. இரண்டாம் வகுப்புக்கு இது நல்ல அளவு. இதற்கு மேல் எழுத வைக்க வேண்டாம்.

முதலில் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்திருக்கிறீர்கள். அதனால் வலப்பக்கம் போகப் போகக் கோடுகள் நெருங்குகின்றன. எழுத்துகளும் சிறுத்துக்கொண்டே போவதுபோல் தெரிகிறது. அது பாப்பாவின் தவறு அல்ல. எழுத்தின் உயரத்தை அந்தந்த இடத்து இரட்டைக்கோட்டோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தேன், படத்தின் ஓரத்தோடு அல்ல. அப்படிப் பார்த்தால் வரி நேராகத்தான் போகிறது.

இந்தப் பக்கத்தில் உள்ள பிழைகளில் பாதிக்கு மேல் ஒரே காரணத்தால் வந்தவை. கீழ்க்கோட்டை ஒரு சுவர்போல நினைத்துக்கொண்டு எழுதுகிறாள். “கோட்டுக்குள் எழுது” என்று யாரோ அடிக்கடி சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு அவள் முழுமையாகக் கட்டுப்படுகிறாள். ஆனால் தமிழ் எழுத்தில் உடல்பகுதிதான் இரண்டு கோட்டுக்கு நடுவில் உட்கார வேண்டும். ர, த, ந, ழ, ற போன்றவற்றின் வால் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும்.

‘மரம்’ வரியைப் பாருங்கள். முதல் இரண்டு தடவை ர-வுக்கு வால் இருக்கிறது. ஆனால் அந்த வாலும் கோட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக ர-வின் உடலைப் பாதி உயரத்தில் நிறுத்திவிட்டாள். இரு பக்கமும் ம நிமிர்ந்து நிற்க, ர மட்டும் குள்ளமாக இருக்கிறது. மூன்றாவது தடவையில் உயரத்தைச் சரிசெய்தாள், வால் போய்விட்டது. வால் போனால் அது ர அல்ல, கால். படித்தால் ‘மாம்’ என்றுதான் வரும். நான்காவதும் ஐந்தாவதும் அதேபோல. உயரம் வேண்டும், வாலும் வேண்டும், கோட்டையும் தாண்டக் கூடாது என்றால் எந்தப் பிள்ளையாலும் முடியாது.

ர்-க்குச் சில அச்சுப் புத்தகங்களில் வால் இருக்காது. மேலே புள்ளி இருப்பதால் குழப்பம் வராது. அதைக் காட்டி அவள் கேட்டால் சரி என்று சொல்லுங்கள். வெறும் ர-வுக்கு மட்டும் வால் கட்டாயம்.

‘தாத்தா’வில் இதே கதைதான். முதல் த-வில் வால் கீழே இறங்கி இடப்பக்கம் வளைகிறது, நன்றாகவே இருக்கிறது. நடுவில் வரும் த்-இலும் அடுத்த த-விலும் பென்சில் கீழ்க்கோட்டைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் அது க ஆகிவிடுகிறது. ‘தாக்கா’ என்று படிக்க வேண்டியிருக்கிறது. அவளையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லிக் காட்டுவதைவிட அவளே பார்த்துக் கண்டுபிடிப்பது நல்லது. க-வின் வலப்பக்க வளைவு கோட்டில் வந்து முடியும், த-வின் வளைவு கோட்டைத் தாண்டிப் போகும். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் விரலால் காற்றில் எழுதிக் காட்டினால் போதும்.

‘பூனை’யில் ப-வும், ‘உள்ளது’வில் து-வும் சுருங்கி இருப்பதற்கும் காரணம் அதுவே. பூ-வின் கீழ்ப்பகுதிக்கு இடம் ஒதுக்க ப-வைச் சின்னதாக்கியிருக்கிறாள். பூ-வின் வடிவத்தில் குறை ஒன்றும் இல்லை.

இதற்கு வழி எளிது. ஸ்கேல் வைத்து, கீழ்க்கோட்டுக்கு அடியில், இரட்டைக்கோட்டு இடைவெளியில் பாதி தள்ளி, மெல்லிசாகப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு ‘வால் கோடு’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். உடல் இரண்டு கோட்டுக்குள், வால் மூன்றாவது கோடு வரை. முதல் இரண்டு நாள் ர, த, ந மூன்றும் தனித்தனியாக ஐந்தைந்து தடவை. மூன்றாம் நாள் மரம், தாத்தா. அடுத்த பக்கத்தில் அந்தக் கோட்டைப் போடாதீர்கள்; கை பழகியிருந்தால் தானாக இறங்கும், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு நாள் போடலாம்.

‘நண்டு’ வேறு விஷயம். முதல் தடவையில் மூன்று சுழி ண தெளிவாக இருக்கிறது. மூன்றாவதில் நடுச்சுழி நசுங்கி ஒரு கோணல் கோடாகிவிட்டது. ஐந்தாவதில் இரண்டே சுழிதான், அதாவது ‘நன்டு’. எழுத்து தெரியாமல் வந்த பிழை என்று நினைத்துவிட வேண்டாம். முதல் தடவையில் சரியாக எழுதியவளுக்கு அது தெரியும். இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுக்கிறாள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது வரும். ண அகலமான எழுத்து. ட-வுக்குக் கொடுக்கும் இடத்தில் அதைத் திணித்தால் ஒரு சுழி காணாமல்தான் போகும். இரண்டு, மேலே உள்ள மாதிரியைப் பார்க்காமல், தான் கடைசியாக எழுதியதைப் பார்த்து அடுத்ததை எழுதுகிறாள். ஒன்றில் நசுங்கியது அடுத்ததில் இன்னும் நசுங்குகிறது.

ஆகவே ண-வை ட-வைப்போல ஒன்றரை மடங்கு அகலமாக எழுதச் சொல்லுங்கள். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சொல்லிக்கொண்டே சுழிக்கட்டும். ஏற்கெனவே எழுதியதை ஒரு வெள்ளைத்தாளால் மூடிவிடுங்கள், மாதிரிச் சொல் மட்டும் கண்ணில் படட்டும். ஐந்தாவதும் முதலாவதுபோலவே வரும். எழுதி முடித்ததும் ஐந்தில் எது நன்றாக வந்திருக்கிறது என்று அவளையே வட்டம் போடச் சொல்லுங்கள்.

இதோடு ஒரு எழுத்திலக்கணக் குறிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். ட-வுக்கு முன்னால் மூன்று சுழி ண், ற-வுக்கு முன்னால் இரண்டு சுழி ன், த-வுக்கு முன்னால் ந். நண்டு, கன்று, பந்து. இந்த மூன்று சொல்லும் நாவில் இருந்தால் பின்னால் எழுத்துப்பிழை பாதி குறையும். ஆனால் இந்த வாரம் எழுத வைக்க வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.

‘மீன்’ ஐந்தில் இரண்டு இடத்தில் ‘மின்’ ஆகியிருக்கிறது. கொக்கியின் முனையில் சுழி மூடவில்லை. கையைத் தூக்கும் அவசரம்தான். “மீ என்று நீட்டிச் சொல், நீட்டுகிற வரை பென்சிலை எடுக்காதே” என்றால் சரியாகிவிடும்.

‘யானை’யில் னை-யைப் பழைய முறையில், ன-வின் தலையில் தும்பிக்கைபோல வளைவு போட்டு எழுதியிருக்கிறாள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ காட்டிக்கொடுத்திருப்பார்கள். தவறு என்று அடிக்க வேண்டாம், அழகாகவே எழுதியிருக்கிறாள். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகு ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் இணைக்கொம்பு போட்டு எழுதும் முறைதான் பாடநூலில் இருக்கிறது. ஆனால் அடுத்த வரியில் ‘பூனை’யில் புதிய முறை இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்தால் தேர்வுத்தாளில் எதை எழுதுவது என்று திணறுவாள். எழுதுவதற்குப் புதியது, பழைய புத்தகம் படிப்பதற்குப் பழையது என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

‘கொக்கு’வில் எழுத்து வடிவங்கள் எல்லாம் சரி, இடைவெளிதான் கெடுக்கிறது. கொம்பு ஒரு பக்கம், க தனியாக, கால் தள்ளி நிற்கிறது. கொ என்பது மூன்று துண்டாக எழுதினாலும் ஒரே எழுத்து. நடுவில் மயிரிழை இடம் போதும். கால் தள்ளி நின்றால் வாலில்லாத ர என்று எடுத்துக்கொண்டு ‘கெரக்கு’ என்றும் படிக்கலாம்.

இனி அந்த வாக்கியம்: ‘என் வீட்டில் பூனை உள்ளது.’ இங்கே இடைவெளி தலைகீழாக இருக்கிறது. ‘என்’னும் ‘வீட்டில்’லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ‘வீட்’டுக்கும் ‘டில்’லுக்கும் நடுவில் ஓர் எழுத்தே வைக்கலாம். ‘உள்ளது’விலும் ள்-க்குப் பிறகு அதே விரிசல். எங்கே புள்ளி இருக்கிறதோ அங்கே விரிசல் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். புள்ளி வைக்கக் கையைத் தூக்குகிறாள், திரும்பி வரும்போது தள்ளி இறங்குகிறாள். இவளுக்கு நான் சொல்வது: சொல்லை முழுதாக எழுதி முடித்துவிட்டு, பிறகு இடமிருந்து வலமாகப் புள்ளிகளை வைக்கட்டும். புள்ளியை மறக்கும் பிள்ளைகளுக்கு இந்த வழி ஆகாது. இந்தப் பக்கத்தில் ஒரு புள்ளிகூட விடுபடவில்லை என்பதால்தான் துணிந்து சொல்கிறேன். புள்ளி எழுத்தின் நடுவுக்கு நேர் மேலே வரட்டும். இப்போது சில இடங்களில் வலப்பக்கம் நழுவி இரண்டு எழுத்துக்கும் நடுவில் நிற்கிறது. சின்ன வட்டமாக வரைய வேண்டியதில்லை, அழுத்தி ஒரு புள்ளி போதும்.

சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அவளுடைய சுண்டுவிரலை வைக்கச் சொல்லுங்கள். வரியின் கடைசியில் ‘உள்ள’ வரை எழுதி, ‘து’வை அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கிறாள். இடம் போதாது என்று தெரிந்தால் முழுச்சொல்லையும் கீழே கொண்டுபோகலாம் என்று சொல்லுங்கள். வலப்பக்கம் காலியாக விடக் கூடாது என்ற பயம் அவளுக்கு இருக்கிறது போலும்.

நன்றாக இருப்பவை: ம, ப, ய மூன்றும் அச்சு வார்த்ததுபோல இருக்கின்றன. ம-வின் வலப்பக்கச் சுழி எல்லா இடத்திலும் மூடியிருக்கிறது. இதை அவளிடம் முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வாருங்கள். சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். முழுப்பக்கத்தையும் திரும்ப எழுத வைக்கவும் வேண்டாம். களைத்த கை பழைய பிழையைத்தான் திரும்ப எழுதும்.

இந்த வாரத்துக்கு வால், மூன்று சுழி, சுண்டுவிரல் இடைவெளி ஆகிய மூன்று மட்டும். கொம்பும் கொக்கியும் அடுத்த வாரம் பார்க்கலாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

அடுத்த படத்தை நோட்டுக்கு நேர் மேலே போனைப் பிடித்து எடுங்கள், பக்கத்தின் நான்கு மூலையும் தெரியட்டும். அதே தாளின் பின்பக்கத்தையும், ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும்படி வைத்து, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தில் எழுத்து புடைத்துக்கொண்டு தெரிந்தால் அவள் அதிகம் அழுத்துகிறாள் என்று பொருள்; பென்சிலை முனைக்கு மிக அருகில் பிடித்தாலும் அப்படி ஆகும். அவள் எழுதும்போது கை மட்டும் தெரியும்படி ஒரு படமும் இருந்தால், பிடியைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.