மசாலா, செக்கு எண்ணெய், சிறுதானியப் பாக்கெட்டுகளுக்கு லேபிள், பவுச் வடிவமைப்பு: அச்சகம் திருப்பி அனுப்பாத கோப்புடன்

உங்கள் மிளகாய்த்தூள் நன்றாக இருக்கிறது. கடைக்காரர் அதைக் கீழ்த்தட்டில் வைப்பதற்குக் காரணம் பாக்கெட். அதைச் சரிசெய்வது என் வேலை. உணவுப் பொருட்களுக்கான லேபிள், பவுச், அட்டைப்பெட்டி மட்டுமே செய்கிறேன். திருமணப் பத்திரிகை, இணையதளம், ஃபேஸ்புக் போஸ்டர் எதுவும் செய்வதில்லை.

இருப்பது மதுரையில். கோப்புகள் பெரும்பாலும் போவது சிவகாசி அச்சகங்களுக்கு. திரையில் அழகாகத் தெரிவது வேறு, ரோலில் ஓடி வருவது வேறு என்பதால், முதல் வரைவுக்கு முன்பே உங்கள் அச்சகத்தாரிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்வேன்: எந்த மெட்டீரியல், எத்தனை கலர், ஓரத்தை ஒட்டும் சீல் எத்தனை மில்லிமீட்டர். இந்த மூன்றும் தெரியாமல் போட்ட டிசைன்தான் கடைசியில் "சார், இது ஓடாது" என்று திரும்பி வரும்.

செக்கு எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பாட்டிலின் விட்டம் 85 மி.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 267 மி.மீ. ஆனால் எதிரே நிற்பவர் கண்ணுக்கு நேராகத் தெரிவது 80 மி.மீ. கூட இருக்காது. பெயர், எண்ணெய் வகை, அளவு மூன்றும் அந்த அகலத்துக்குள் முடிய வேண்டும். தாள் லேபிள் போட்டால் ஒரு வாரத்தில் எண்ணெய் ஊறிக் கறை படியும், அதனால் ஃபிலிம் லேபிள்தான். அது தெளிவான ஃபிலிம் என்றால் அடியில் வெள்ளை மை தேவை. அது இல்லாவிட்டால் நல்லெண்ணெயின் பழுப்பு நிறம் உங்கள் சிவப்பையும் பச்சையையும் விழுங்கிவிடும். வெள்ளை மைக்குத் தனி லேயர் போட்டு, பெயரிட்டுத்தான் கோப்பு தருவேன்.

பவுச் என்றால் செலவு சிலிண்டரில் இருக்கிறது, ஒவ்வொரு கலரையும் அச்சிட ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். ஐந்து வகை மசாலா, ஒவ்வொன்றும் ஆறு கலர் என்றால் 30 சிலிண்டர். நான்கு கலரை ஐந்துக்கும் பொதுவாக வைத்து, எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என இரண்டு மட்டும் மாறும்படி வடிவமைத்தால் 14 போதும். அதற்குப் புகைப்படத்தை விட்டுவிட்டு ஒற்றைக் கலர் ஓவியத்துக்கு வர வேண்டும். அலமாரியில் அது தனியாகவும் தெரியும். மற்ற எல்லாப் பாக்கெட்டிலும் அதே பளபளக்கும் மிளகாய்ப் படம்தானே இருக்கிறது!

உங்கள் பொருளுக்குச் சட்டப்படி வர வேண்டியவற்றை முதலில் இடம்பிடித்து வைத்துவிட்டுத்தான் அலங்காரத்துக்குப் போவேன். 14 இலக்க உரிம எண், சேர்மானங்கள், ஊட்டச்சத்து அட்டவணை, ஒவ்வாமை அறிவிப்பு, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, கிராம் அல்லது கிலோவுக்கான விலை, தேதிகள், முகவரி, புகாருக்கான தொடர்பு எண். சைவக் குறிக்குக்கூட அளவு உண்டு: 10 × 15 செ.மீ. முன்பக்கத்துக்கு, அதாவது 150 சதுர செ.மீ.க்கு, பச்சை வட்டம் குறைந்தது 4 மி.மீ., சதுரம் 8 மி.மீ. மூலையில் புள்ளி மாதிரி வைத்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் மொத்த அமைப்பும் குலையும். ஊட்டச்சத்து எண்களை நீங்கள் ஆய்வக அறிக்கையிலிருந்து தர வேண்டும். வேறு பாக்கெட்டைப் பார்த்து நான் எழுத மாட்டேன்.

தேதியும் தொகுதி எண்ணும் அடிக்கும் இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே வார்னிஷ் ஓடினால் அடித்த மை ஒட்டாது, விரலால் தேய்த்தாலே போய்விடும். அதனால் 40 × 15 மி.மீ. இடத்தை வார்னிஷ் இல்லாமல், வெளிர் நிறத்தில் விடுகிறேன். பார்கோடு கறுப்பில், வெள்ளைப் பின்னணியில்தான். சிவப்புக் கோடுகள் ஸ்கேனரின் சிவப்பு ஒளியில் மறைந்துபோகும். நிலையான அளவு 37.29 × 25.93 மி.மீ., அதில் 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்க மாட்டேன். இருபுறமும் விட வேண்டிய காலி இடத்தில் பூ வரையச் சொன்னாலும் வரைய மாட்டேன்.

தமிழ் எழுத்து விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஆங்கிலப் பெயரைப் பெரிதாகப் போட்டு, மிச்ச இடத்தில் தமிழை நசுக்கும் பழக்கம் எனக்கில்லை. தமிழ்ச் சொல் நீளம், மேல்விலங்கும் கீழ்விலங்கும் மேலே கீழே இடம் கேட்கும். வரி இடைவெளியை அதற்கேற்ப விட வேண்டும். ஞ, ண, ஷ போன்றவற்றின் சுழிகள் 5 பாயிண்டில் மை அடைத்துக்கொள்ளும், ஆகவே சிறு எழுத்தும் 6.5 பாயிண்டுக்குக் கீழே போகாது. கறுப்பு எழுத்து ஒற்றைக் கறுப்பில் மட்டும் இருக்கும். நான்கு கலர் கலந்து போட்டால், அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்டர் ஒரு முடி விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். கோப்பு போகும்முன் எல்லா எழுத்தையும் அவுட்லைன் ஆக்கிவிடுவேன். அச்சகக் கணினியில் ஃபாண்ட் இல்லாமல் "கொ" உடைந்து "கெ" தனியாக, கால் தனியாக நிற்கும் சங்கடம் வராது. திருத்தக்கூடிய கோப்பு தனியாக உங்களிடம் இருக்கும். பயன்படுத்தும் ஃபாண்டுகள் வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் உள்ளவை: முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி போன்றவை அல்லது நீங்கள் வாங்கித் தருபவை.

அச்சகத்திலேயே இலவசமாக டிசைன் போட்டுத் தருவார்களே என்று கேட்பீர்கள். தருவார்கள். 500 ஸ்டிக்கர் மட்டும் வேண்டும், சந்தையில் ஒரு மாதம் சோதித்துப் பார்க்கிறீர்கள் என்றால் அங்கேயே போடுங்கள். எனக்குக் கொடுக்கும் பணம் வீண். மூன்று வகைக்கு மேல் இருந்து, சூப்பர்மார்க்கெட்டுக்கும் ஆன்லைனுக்கும் போகும் திட்டம் இருந்தால் என்னிடம் வாருங்கள்.

ஒரு லேபிள் ரூ.6,500. முன்பின் பவுச் ரூ.11,000. அதே வடிவில் அடுத்தடுத்த வகை ஒவ்வொன்றும் ரூ.2,000. பாதி முன்பணம், மீதி அச்சுக் கோப்பு அனுப்பும்முன். முதல் வரைவு ஐந்து வேலை நாளில், இரண்டு வேறுபட்ட யோசனைகளாக வரும். தேர்ந்தெடுத்ததில் இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடங்கும். மூன்றாவது சுற்று ரூ.800. மொத்தத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு வேலை நாள். திருத்தங்களை ஒரே பட்டியலாக அனுப்பினால் ஒன்பது. வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக, வீட்டில் எல்லோரும் சொல்லச் சொல்ல அனுப்பினால் பன்னிரண்டுக்கும் மேல்.

கடைசியில் கிடைப்பவை: வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. பிளீடுடன் அச்சு பி.டி.எஃப்., திருத்தக்கூடிய மூலக் கோப்பு, ஆன்லைன் கடைக்கு ஏற்ற படம். அத்துடன் அச்சகத்தார் ஒரே பார்வையில் படிக்கும்படி மெட்டீரியல், கலர், வெள்ளை மை, வெட்டும் அளவு எழுதிய ஒரு பக்கம். முதல் ப்ரூஃப் வந்ததும் புகைப்படம் அனுப்புங்கள், சரிபார்க்கக் கட்டணமில்லை. வேறொருவரின் பாக்கெட்டைக் காட்டி "இதே மாதிரி, பெயர் மட்டும் மாற்றி" என்றால் மட்டும் வேண்டாம்.

முதல் செய்தியில் இவற்றை அனுப்புங்கள்: என்ன பொருள், எத்தனை கிராம் அல்லது மில்லி, எத்தனை வகை, முதல் அச்சு எத்தனை, எங்கே விற்கப் போகிறீர்கள். இப்போது விற்கும் பாக்கெட் இருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒவ்வொன்று. திங்கள் முதல் சனி வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள் வந்தவற்றுக்கு அன்றே பதில் எழுதுவேன். அதில் உங்கள் பாக்கெட்டில் முதலில் மாற்ற வேண்டியது எது என்பதும் இருக்கும், வேலை எனக்குத் தந்தாலும் தராவிட்டாலும்.