இரட்டைப்படை வருஷம்

முத்துநகர் எக்ஸ்பிரஸில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த பிளாஸ்டிக் மரம்தான். நான்கடி உயரம், குடை மாதிரி மடக்கி விரிக்கிற வகை. அதில் தங்க நிற உருண்டைகள் மட்டும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் தொங்கின. நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி.

எங்கள் வீட்டில் மரம் என்றால் சவுக்குக் கொம்பு. அப்பா துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவருவார். பழைய பெயின்ட் வாளியில் மணலைப் போட்டு நட்டுவைப்போம். இரண்டே நாளில் ஊசி ஊசியாகக் கொட்டும், அம்மா பெருக்கிக்கொண்டே திட்டுவாள். தீப்பெட்டிகளை மிட்டாய்த் தாளில் சுற்றிப் பரிசுப் பொட்டலம் என்று தொங்கவிடுவோம். ஃபியூஸ் போன பல்புகளில் பசை தடவி ஜிகினாத் தூளில் புரட்டுவோம். அப்புறம் பஞ்சு. பனிமய மாதா கோவில் இருக்கிற ஊர்தான், ஆனால் தூத்துக்குடிக்காரர்கள் பனியை எங்கே பார்த்தோம்? பஞ்சைப் பிய்த்துப் போட்டால் அதுதான் எங்களுக்குப் பனி.

உச்சியில் வைக்கிற நட்சத்திரம் மட்டும் 24-ஆம் தேதி சாயங்காலம்தான் ஏறும். யார் வைப்பது என்று நானும் ஜெனிட்டாவும் ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டோம். உண்மையாகவே ரத்தம் வந்தது, இரண்டு தையல். அன்றைக்கு அப்பா சட்டம் போட்டார்: ஒற்றைப்படை வருஷம் பெரியவளுக்கு, இரட்டைப்படை வருஷம் சின்னவளுக்கு. அவர் போய் ஐந்து வருஷமாகியும் அந்தச் சட்டம் மட்டும் மாறவில்லை.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள் ஜெனிட்டா. ராத்திரி பூராவும் உட்கார்ந்து கட்டியிருப்பாள் போல, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தைதானே. நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். "அந்தப் பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

"என்னட்டி தெரியாத மாதிரி கேக்க? தீப்பெட்டி, பல்பு, நான் அஞ்சாம் வகுப்புல செஞ்ச சம்மனசு, எல்லாம் இருந்த பெட்டி."

"தூக்கிப் போட்டாச்சு."

அம்மா அடுப்படியில் கல்கல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். அரிகரண்டி எண்ணெய்ச் சட்டியில் படும் சத்தம் நின்றது.

"யாரக் கேட்டுத் தூக்கிப் போட்ட?"

"யாரு இருந்தா கேக்க?"

அதற்கு மேல் நாங்கள் பேசியதை எல்லாம் எழுத வேண்டாம். பிளாஸ்டிக் மரத்தை நான் என்னவோ சொன்னேன், மெட்ராஸ் பவுசு என்று அவள் என்னவோ சொன்னாள். ஒரு தங்க உருண்டை கீழே விழுந்து உருண்டு, குடிலில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்குட்டி மேல் மோதியது. என் வீட்டுக்காரர் சமயம் பார்த்து, பையனைக் கூட்டிக்கொண்டு மக்ரூன் வாங்கப் புறப்பட்டுவிட்டார். நல்ல மனுஷன். இந்த மாதிரி நேரங்களில் அவருக்கு எப்போதும் மக்ரூன் ஞாபகம் வரும்.

ஆனால் அவள் கேட்டது நெஞ்சில் நின்றுவிட்டது. யாரு இருந்தா கேக்க?

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியில் எங்கள் தெரு மூழ்கியபோது, அம்மாவும் ஜெனிட்டாவும் மணிக்கு ஒரு தடவை ஃபோன் போட்டார்கள். பால் கிடைத்ததா, பையனுக்குச் சளி பிடித்ததா, தண்ணி எத்தனாவது படியில் நிற்கிறது என்று விடாமல் கேட்டார்கள். இரண்டே வாரத்தில் அவர்கள் முறை வந்தது. 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஊரே கடலாகிவிட்டது. நான் மணிக்குப் பத்து தடவை போட்டேன். ஒரு ஃபோனும் போகவில்லை. ரயில் இல்லை. மூன்றாம் நாள் யாரோ ஒருவருடைய நம்பரிலிருந்து ஜெனிட்டா பேசினாள். "இருக்கோம்" என்றாள், வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அம்மா ஒரு அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் பொத்தென்று போட்டாள்.

"ஏழு மணிக்குக் கேரல்காரங்க வந்துருவாங்க. மரத்துல ஒரு லைட்டு கூட இல்ல. இத ரெண்டு பேரும் பிரிங்க. பேசாட்டியும் பரவால்ல, கை வேல செய்யட்டும்."

சாக்கைக் கவிழ்த்தேன். சீரியல் செட். சொல்லப்போனால் சீரியல் செட்டாக ஒரு காலத்தில் இருந்தது. இப்போது தேன்கூடு மாதிரி ஒரே உருண்டை. அப்பா இருந்தவரை ஒவ்வொரு ஜனவரியிலும் அதை அட்டையில் பாவு சுற்றுவது மாதிரி வரிசையாகச் சுற்றிவைப்பார்.

"இத யாரு இப்படித் திணிச்சா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜெனிட்டா பதில் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு நுனியைத் தேடிப் பிடித்தாள். நான் எதிரே உட்கார்ந்து பிளக் இருந்த முனையைப் பிடித்தேன். ஒயர் பிரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது: இழுக்கக் கூடாது. இழுத்தால் முடிச்சு இறுகும். உள்ளங்கையில் வைத்துக் குலுக்கித் தளர்த்தி, ஒருத்தி வளையத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருத்தி நுனியை அதற்குள் நுழைத்து எடுக்க வேண்டும். பேசாமல் செய்யவே முடியாத வேலை என்று அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்?

"இதப் பிடி."

"பிடிச்சிருக்கேன்."

"விடு. இல்ல, விடாத."

பத்து நிமிஷம் இப்படியே போனது. முடிச்சுக்குள்ளிருந்து ஒரு ஜிகினாச் சரம் வந்தது, கறுத்துப்போய். அதற்கும் உள்ளே அம்மாவின் பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று, நாலு மாத்திரையோடு.

"இது எப்படி இதுக்குள்ள?"

"எல்லாத்தயும் ஒண்ணா அள்ளிப் போட்டேன்லா" என்றாள், தலை நிமிராமல். "மாத்திரை, ரேஷன் கார்டு, பேங்க் புக்கு. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். முழங்கால் வரைக்கும் தண்ணி வந்துட்டு. அம்மாவ மாடிவீட்டுல விட்டுட்டுத் திரும்ப வந்தேன். கரண்டு போயிருந்துச்சு, ஆனா எந்த நேரம் வருமோன்னு பயம். மரத்து பிளக்கு சொருகித்தான் கிடந்துச்சு. அதப் பிடுங்குனேன். மரம் சாஞ்சுது, லைட்டு கையோட வந்துருச்சு. போட்டுட்டு வரத் தோணல."

"பெட்டி?"

"கட்டிலுக்கு அடியில கிடந்தது தப்புமா? தண்ணி வடிஞ்சு வந்து திறந்தா, சேறும் சாக்கடையும். உன் சம்மனசுக்கு இறக்கை இல்ல, மூஞ்சி இல்ல. கழுவிப் பாத்தேன் எக்கா. காகிதம், என்ன செய்ய? மொட்டமாடியில ரெண்டு நாள் காயவும் போட்டேன்." கொஞ்ச நேரம் ஒயரைக் குலுக்கினாள். "உங்கிட்ட சொன்னா நீ அழுவ. அப்ப எனக்கு யாரும் அழுறதக் கேக்க முடியல."

என் கையில் இருந்த வளையம் நழுவி மறுபடி சுருண்டது.

"ரயில் ஓட ஆரம்பிச்ச பிறகும் நான் வரல" என்றேன்.

"தெரியும்."

"மிக்ஜாமுக்கே லீவு எல்லாம் தீர்ந்துபோச்சுன்னு உங்கிட்ட சொன்னேன். ரெண்டு நாள் கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான் கேக்கல. வீட்டப் பாக்கப் பயமா இருந்துச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் மாதிரித் தோன்றியது. பிறகு கையை நீட்டினாள். "அந்த வளையத்த இங்க கொண்டா. நீ பிடிச்சா இன்னும் சிக்கலாகும்."

கொடுத்தேன். அவள் அதைத் தளர்த்தி எடுத்தபோது உள்ளே பச்சையாக என்னவோ மின்னியது. மிட்டாய்த் தாள் சுற்றிய தீப்பெட்டி. ஒரு மூலை நசுங்கி, கட்டியிருந்த தையல் நூல் ஒயரோடு பின்னிக் கிடந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கையை வைத்தோம். திறந்து பார்த்தால் உள்ளே வழக்கம்போல ஒன்றும் இல்லை. சின்ன வயதிலும் கிறிஸ்துமஸ் அன்று காலையில் திறந்து பார்ப்போம், ஒன்றும் இருக்காது. அடுத்த வருஷமும் திறந்து பார்ப்போம்.

ஜெனிட்டா எழுந்துபோய் அதைத் தங்க உருண்டைகளுக்கு நடுவில் கட்டிவிட்டு வந்தாள். கொஞ்சம்கூடப் பொருந்தவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிரித்து முடித்து பிளக்கைச் சொருகியபோது ஆறரை. எரியவில்லை. அப்பா இரண்டு செட்டை ஒரே பிளக்கில் இணைத்திருந்தார், செட்டுக்கு நாற்பது பல்பு. ஆறு வோல்ட் பல்பு நாற்பதை வரிசையாகக் கோத்தால்தான் வீட்டுக் கரண்டைத் தாங்கும் என்று எங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதன் வில்லங்கம், ஒன்று கழன்றால் நாற்பதும் அணைந்துபோகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நான் ஒரு நுனியிலிருந்தும் அவள் மறு நுனியிலிருந்தும் ஒவ்வொரு பல்பாக அழுத்திக்கொண்டே வந்தோம். எங்கேயோ ஒன்று சொதசொதவென்று ஆடியது. அழுத்தி, கையை எடுத்துவிட்டு, மறுபடி சொருகினோம்.

பாதி எரிந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள், ஜெனிட்டாவின் தங்கக் கனவுக்கு நேர் விரோதமாக.

"இன்னொரு பாதி?"

"நேரமில்ல. எரியாதத சுவத்துப் பக்கம் சுத்து."

சுற்றினோம். தூரத்தில் டிரம் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து மரத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், "நட்சத்திரம் எங்கட்டி?" என்றாள்.

அலமாரியிலிருந்து ஜெனிட்டா அதை எடுத்துவந்தாள். அதுவும் புதுசுதான். என்னிடம் நீட்டினாள்.

"2024. உன் வருஷம்" என்றேன்.

"போன வருஷம் உன்னுது. யாரும் வைக்கல. பாக்கி நிக்கி."

"பாக்கிய அடுத்த வருஷம் பாத்துக்கலாம். சட்டம்னா சட்டம். நீ வை."

"அடுத்த வருஷம் ஒற்றைப்படை, அதுவும் உன்னுதுதான். அப்ப பாக்கி எப்படிக் கழியும்? கணக்குத் தெரியாம பேசாத. பிடி."

"ஏட்டி, உன்ன வைன்னு சொன்னேன்லா."

"நீ வை எக்கா."

"ரெண்டு பேரும் மறுபடி ஆரம்பிச்சாச்சா?" என்று கத்திக்கொண்டே அம்மா வாசல் கதவைத் திறந்தாள்.

சான்டா வேஷம் போட்ட பையன் வியர்வை ஒழுக உள்ளே எட்டிப் பார்த்தபோது, நட்சத்திரத்தின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரே ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டிருந்தோம். ஸ்டூல் ஆடியது.