பொருள்: இறுதிப் பட்டியலில் ஒரு பகுதித் தொகை வழங்குவதும், குறைபாடுள்ள வேலைகளுக்கு ரூ. 85,000 நிறுத்திவைப்பதும் குறித்து

மதிப்பிற்குரிய ஒப்பந்தக்காரர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுச் சீரமைப்பு வேலைகளுக்காகத் தாங்கள் கொடுத்த ரூ. 5,00,000-க்கான இறுதிப் பட்டியலைப் பெற்றுக்கொண்டேன். இதில் ஏற்கெனவே இரண்டு தவணைகளாக ரூ. 2,40,000 செலுத்தியிருக்கிறேன். மீதமுள்ள ரூ. 2,60,000 முழுவதையும் உடனே தர வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அதில் ரூ. 1,67,800 மட்டும் இன்று தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தியுள்ளேன். மீதியை ஏன் இப்போது தரவில்லை என்பதைக் கணக்கோடு எழுத்தில் சொல்வது என் கடமை.

செங்கல் சுவரும் உட்பூச்சும், மின் வயரிங், சமையலறை மேடை, கதவு ஜன்னல் பொருத்தியது ஆகிய நான்கு வேலைகளையும் எந்தக் குறையும் சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறேன். குறிப்பாக, பூச்சு வேலை செய்த கொத்தனாரின் கைநேர்த்தி எங்கள் எல்லோருக்கும் நிறைவளித்தது. அதை அவரிடம் சொல்லுங்கள். இவற்றுக்குத் தாங்கள் ரூ. 3,30,000 போட்டிருக்கிறீர்கள். ஆனால் உட்பூச்சுக்கு 1,860 சதுர அடி என்று பட்டியலில் உள்ளது. தங்கள் மேற்பார்வையாளரும் நானும் சேர்ந்து டேப் பிடித்து அளந்து, கதவு ஜன்னல் திறப்புகளைக் கழித்தபோது 1,710 சதுர அடிதான் வந்தது. அதிகமாக உள்ள 150 சதுர அடிக்கு, சதுர அடி 48 ரூபாய் வீதம், ரூ. 7,200 குறைத்திருக்கிறேன். இது நிறுத்திவைத்த தொகை அல்ல, அளவுத் திருத்தம். எனவே பின்னர் வழங்கப்படாது.

குறைபாடுகளில் பெரியது மொட்டைமாடித் தளம். மழைநீர்க் குழாயை நோக்கி இருக்க வேண்டிய வாட்டம் தென்மேற்கு மூலையை நோக்கி இருப்பதால், அங்கே தண்ணீர் வடியாமல் நிற்கிறது. அதற்கு நேர் கீழே படுக்கையறைக் கூரையில் ஈரக்கறை படர்ந்துள்ளது. எங்கள் பிளம்பர் போட்ட தொட்டிக் குழாயிலிருந்துதான் கசிகிறது என்று சொன்னீர்கள். அதை மறுக்கும் முன் சோதித்துப் பார்க்க விரும்பி, குழாயின் வால்வை மூடி, தொட்டியைக் காலி செய்து, அந்த மூலையில் மட்டும் பாத்தி கட்டி 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தினேன். குழாய் செல்லும் பக்கம் உலர்ந்தே இருக்க, கறை முன்பிருந்ததைவிடப் பரவியது. இரு நாட்களும் எடுத்த புகைப்படங்களை இணைத்துள்ளேன். மாடி வேலைக்கான ரூ. 85,000-இல், அடித்தளக் கலவைக்கான ரூ. 30,000-ஐ வழங்கிவிட்டு, பெயர்த்துப் போட வேண்டிய மேல் ஓடு வேலைக்கான ரூ. 55,000-ஐ நிறுத்திவைத்திருக்கிறேன்.

குளியலறையில் சுவர் டைல்கள் பதினொன்றைத் தட்டிப் பார்த்தால், பின்னால் கலவை நிரம்பாமல் பொள்ளலாக ஒலிக்கின்றன. தரைத் தண்ணீரும் வடிகாலுக்குப் போகாமல் கதவுப் பக்கம் வருகிறது. இதற்கு ரூ. 18,000. வெளிச்சுவருக்குப் பிரைமருக்கு மேல் இரண்டு கோட்டிங் என்று ஒப்புக்கொண்டோம், ஒன்றுதான் அடிக்கப்பட்டுள்ளது. இதற்கு ரூ. 12,000.

ஆக, நிறுத்திவைத்த மொத்தத் தொகை ரூ. 85,000. பட்டியல்படி மீதியான ரூ. 2,60,000-இல் அளவுத் திருத்தமான ரூ. 7,200-ஐயும் இந்தத் தொகையையும் கழித்தால் வருவதே இன்று செலுத்திய ரூ. 1,67,800. இதைப் பெற்றுக்கொள்வதாலேயே என் கணக்கு முழுவதையும் தாங்கள் ஒப்புக்கொண்டதாக நான் வாதிட மாட்டேன். ஆட்களின் கூலி நின்றுவிடக் கூடாது என்பதால்தான், பேச்சு முடியும்வரை காத்திராமல் சர்ச்சையில்லாத தொகையை முதலில் அனுப்பினேன்.

இக்கடிதம் கிடைத்த 21 நாட்களுக்குள் இக்குறைகளைச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்று வேலைகளும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எது முடிகிறதோ அதற்குரிய தொகையை மூன்று வேலை நாட்களுக்குள் தருவேன். மாடிக்கு மட்டும், இருவர் முன்னிலையிலும் மறுபடி 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்து, கீழே ஈரம் இறங்கவில்லை என்று உறுதியான பிறகு வழங்குவேன்.

கசிவின் காரணம் பற்றித் தங்கள் கருத்து மாறவில்லையென்றால், இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுவோம். குழாய்தான் காரணம் என்று அவர் சொன்னால் அவருடைய கட்டணத்தை நானே ஏற்று, கசிவைக் காட்டி எந்தத் தொகையையும் நிறுத்த மாட்டேன். வாட்டக் குறை மட்டும் தனியே சரிசெய்யப்பட வேண்டும். 21 நாட்களில் வேலையோ பதிலோ வரவில்லையென்றால், வேறு ஆட்களைக் கொண்டு செய்து, அதற்கான ரசீதுகளின் நகலைத் தங்களுக்கு அனுப்பி, செலவு போக மிஞ்சுவதைத் தங்களிடமே சேர்ப்பேன்.

வரும் சனி, ஞாயிறு இரு நாட்களும் காலை முதல் வீட்டில் இருப்பேன். தாங்களே நேரில் வந்து பார்த்தால் நல்லது.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: கூட்டு அளவுத் தாள், புகைப்படங்கள், பணம் செலுத்திய ரசீது